டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் ஒரே ரிமோட்: பட்டன் பட்டனாகப் பதியும் முழு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பல வீடுகளில் அமைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். சுவரில் எல்இடி டிவி, கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ், கீழே ஷெல்ஃபில் லோக்கலாக அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர். மூன்றுக்கும் மூன்று ரிமோட். இந்த வழிகாட்டி அந்த அமைப்புக்குத்தான். சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறும் என்பதை 3-ம் பகுதியில் சொல்கிறேன்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில். ரிமோட்டில் டிவி, பாக்ஸ், ஆடியோ என்று மூன்று மோடு பட்டன் இருப்பதைப் பார்த்ததும், டிவி பட்டன்களை டிவி மோடிலும் பாக்ஸ் பட்டன்களை பாக்ஸ் மோடிலும் ஆம்ப் பட்டன்களை ஆடியோ மோடிலும் பதிந்துவிடுவார்கள். எல்லாம் வேலை செய்யும். ஆனால் சேனல் மாற்றிவிட்டு சத்தம் குறைக்க மோடு மாற்ற வேண்டும், மறுபடி சேனலுக்கு மோடு மாற்ற வேண்டும். ரெண்டு நாளில் பழைய மூன்று ரிமோட்டும் சோபாவுக்கு வந்துவிடும். தினமும் விரல் போகும் பட்டன்கள் எல்லாம், எந்தப் பெட்டிக்குரியதாக இருந்தாலும், ஒரே மோடில் இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

## 1. எந்த ரிமோட் தேவை

கடையில் யுனிவர்சல் ரிமோட் என்று கேட்டால் இரண்டு வகை கொடுப்பார்கள். முதல் வகையில் கம்பெனிகளின் கோடு உள்ளேயே இருக்கும். தாளில் உள்ள எண்ணை அடித்து நம் டிவிக்குப் பொருந்துவதைத் தேட வேண்டும். பெரிய கம்பெனி டிவிக்கு இது சரி. அசெம்பிள் ஆம்புக்கும் கேபிள் பாக்ஸுக்கும் அந்தத் தாளில் பெரும்பாலும் எண்ணே இருக்காது.

நமக்குத் தேவை இரண்டாவது வகை, லேர்னிங் ரிமோட். பழைய ரிமோட்டை அதன் முன் வைத்து அமுக்கினால் அதிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளித் துடிப்பை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் கம்பெனி என்ற கேள்வியே அதற்கு இல்லை. மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான், அங்கே கிடைக்கும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: எல்லா பட்டனும் கற்குமா, நாலு கலர் பட்டன் இருக்கிறதா, பேட்டரியை எடுத்தாலும் பதிவு அழியாமல் இருக்குமா.

ஆனால் அதற்கு முன் உங்கள் பாக்ஸ் ரிமோட்டையே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில் ஓர் ஓரமாக, கோடு போட்டுப் பிரித்து, டிவி என்று எழுதி பவர், வால்யூம் கூட, வால்யூம் குறைய, ஏவி என நாலைந்து பட்டன் இருக்கும். அவை கற்கும் பட்டன்கள். அந்தப் பவரில் டிவியின் பவரையும், அந்த வால்யூமில் ஆம்பின் வால்யூமையும் பதிந்தால் பாதி வீடுகளுக்கு வேலை அங்கேயே முடிந்தது. புது ரிமோட் வாங்கவே வேண்டாம். 5-ம் பகுதியில் உள்ள முறை இதற்கும் பொருந்தும்.

## 2. தொடங்கும் முன் சில சோதனைகள்

முதலில் பேட்டரி. கற்கும் ரிமோட், பழைய ரிமோட்டுகள் எல்லாவற்றிலும் நல்ல பேட்டரி போடுங்கள். பேட்டரி இறங்கிய ரிமோட்டின் துடிப்பு பலவீனமாக இருக்கும்; அந்தப் பலவீனத்தோடு பதிந்தால் பதிவு கோணலாகிவிடும். ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான், சாதாரண பேட்டரி 1.5. பதியும் நேரத்துக்குச் சாதாரண பேட்டரியே நல்லது. கடலோரத்தில் இருப்பவர்கள் பேட்டரி ஸ்பிரிங்கையும் பாருங்கள். ராயபுரம், காசிமேடு வீடுகளில் உப்புக்காற்றுக்கு அந்த ஸ்பிரிங் பச்சை பிடித்துக் கிடக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பழைய ரிமோட்டின் தலையையும் போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அமுக்குங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுங்க வேண்டும். பின் கேமராவில் இந்த ஒளியை வடிகட்டும் கண்ணாடி இருப்பது வழக்கம், அதனால் முன் கேமராவே நம்பகமானது.

புள்ளி தெரியவில்லை, ஆனால் டிவி மட்டும் வேலை செய்கிறது என்றால் அந்த ரிமோட் ப்ளூடூத். ரிமோட்டின் தலையை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். அப்போதும் டிவி கேட்டால் சந்தேகமே இல்லை. ப்ளூடூத்தைக் கற்கும் ரிமோட்டால் பிடிக்க முடியாது. பல ஸ்மார்ட் டிவிகளில் ப்ளூடூத்தோடு அகச்சிவப்பு ரிசீவரும் இருக்கிறது. அதே கம்பெனியின் சாதாரண ரிமோட் ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கி, டிவி அதற்கு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அதிலிருந்து பதியலாம்.

கடைசிச் சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. மூன்றையும் ஆன் செய்துவிட்டு, ஒரு ரிமோட்டின் எல்லா பட்டனையும் அமுக்கி மற்ற இரண்டும் சும்மா இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஒவ்வொரு ரிமோட்டும் தன் செய்தியின் தொடக்கத்தில் யாருக்கானது என்று ஒரு முகவரி எண்ணை அனுப்பும். விலை குறைந்த ஆம்ப் போர்டுகள், கலர் லைட் பட்டைகள், எம்பி3 பிளேயர்கள் பலவற்றில் ஒரே முகவரியைப் போட்டிருப்பார்கள். ஆம்பின் சத்தத்தைக் கூட்டினால் சுவரில் லைட்டின் கலர் மாறுவது இதனால்தான். எந்த ரிமோட்டில் பதிந்தாலும் இந்தக் கோளாறு கூடவே வரும். அந்த லைட்டின் ரிசீவர் கண்ணில் கருப்பு டேப் ஒட்டுவது ஒன்றே வழி.

பழைய ரிமோட் தொலைந்துவிட்டதா? கேபிள் பாக்ஸ் என்றால் கவலை வேண்டாம். ஒரே கேபிள்காரரின் லைனில் பல வீடுகளில் ஒரே மாடல்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ரிமோட்டை அரை மணி நேரம் கேட்டு வாங்கினால் போதும்.

## 3. சத்தத்தை ஒரே இடத்துக்குக் கொண்டு வாருங்கள்

பதிவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். மூன்று பெட்டியிலும் தனித்தனி வால்யூம் இருக்கிறது. எதைக் கூட்டுவது என்று தீர்மானிக்காமல் பதிந்தால் பின்னால் எல்லாவற்றையும் அழித்துப் பதிய வேண்டி வரும்.

ஆம்ப் மட்டும் சத்தத்தை ஆளட்டும். பாக்ஸின் வால்யூமை முழுதாகவோ அதற்குச் சற்றுக் கீழேயோ வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆம்புக்கு வயர் போகிறது என்றால் டிவியின் வால்யூமும் சத்தத்தைப் பாதிக்கும். அதை நூற்றுக்கு 60, 70 என்ற அளவில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சில டிவிகளில் சத்தம் கரகரக்கும். ஆப்டிகல் வயர் என்றால் பெரும்பாலும் டிவி வால்யூமுக்கு அதில் வேலையில்லை. டிவி ஸ்பீக்கரை மட்டும் செட்டிங்கில் அணைத்துவிடுங்கள்.

சவுண்ட்பாரை எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக இணைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. டிவியின் செட்டிங்கில் சிஇசி வசதியை ஆன் செய்தால் (ஒரு கம்பெனி இதை எனிநெட் பிளஸ் என்கும், இன்னொன்று சிம்பிளிங்க், மற்றொன்று பிராவியா சிங்க்) டிவி ரிமோட்டின் வால்யூமே சவுண்ட்பாரை இயக்கும். டிவியை அணைத்தால் அதுவும் அணையும். நீங்கள் பதிய வேண்டியது டிவியின் வால்யூமைத்தான். அசெம்பிள் ஆம்பில் ஏஆர்சி போர்டு போடாவிட்டால் இந்த வசதி கிடையாது.

## 4. பேப்பரில் எழுதுங்கள்

ஒரு தாளில் புது ரிமோட்டின் படத்தைப் போட்டு, ஒவ்வொரு பட்டனிலும் எந்தப் பெட்டியின் எந்த வேலை என்று எழுதுங்கள். கற்கும் ரிமோட்டில் எந்த பட்டனும் எதையும் கற்கும்; பட்டன் மேல் அச்சடித்திருப்பதை மதிக்க வேண்டியதில்லை. மோடு பட்டனில் பாக்ஸ் மோடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எல்லா வீட்டுக்கும் போட்டுக் கொடுப்பது இதுதான்:

பத்து எண்கள், சேனல் மேல் கீழ், நாலு அம்பு, ஓகே, மெனு, எக்ஸிட், பேக்: இவை பாக்ஸுக்கு.
வால்யூம் கூட, குறைய, மியூட்: ஆம்புக்கு.
பெரிய பவர் பட்டன்: டிவியின் பவர்.
சிவப்பு: ஆம்பின் பவர். பச்சை: பாக்ஸின் பவர்.
மஞ்சள்: டிவியின் சோர்ஸ். நீலம்: ஆம்பின் இன்புட்.

மொத்தம் 28 பட்டன். டிவி மோடிலும் ஆடியோ மோடிலும் அந்தந்த ரிமோட்டின் மீதி பட்டன்களைப் பிறகு பதிந்துகொள்ளலாம். படம், ட்ரெபிள், பேஸ் மாதிரி எப்போதாவது தொடும் விஷயங்களுக்கு அது போதும். சிலர் டிவியின் சோர்ஸை டிவி மோடிலேயே விட்டுவிடுகிறார்கள்; வீட்டில் பிள்ளைகள் பென் டிரைவ் போட்டுப் படம் பார்ப்பார்கள் என்றால் கலர் பட்டனில் வைப்பதே நல்லது.

## 5. ஒரே ஒரு பட்டனைப் பதிந்து பாருங்கள்

முதலில் வால்யூம் கூட பட்டன். ஒன்று தேறிய பிறகுதான் மற்றவை. இருபத்தெட்டையும் பதிந்துவிட்டுச் சோதித்தால், கோணலாக வைத்த ஒரே தப்பு இருபத்தெட்டிலும் இருக்கும்.

இரண்டு ரிமோட்டையும் மேசை மேல் தலைக்குத் தலை வைத்து நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். அமுக்கும்போது தலை விலகும். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிதாகவும் இருந்தால் மெலிந்ததன் அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து இரண்டின் தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பழைய ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். வாங்கிய நாளில் போட்ட உறை, தலைப் பக்கம் எண்ணெய்க் கறை படிந்து மங்கியிருக்கும். பத்தடி தூரத்துக்குப் போதுமான ஒளி அதில் போகும், ஆனால் சுத்தமான பதிவு கிடைக்காது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும், தலைக்கு மேலே சிஎஃப்எல் பல்பும் வேண்டாம். ரிமோட்டின் ஒளி விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. எலெக்ட்ரானிக் சோக் உள்ள பல்பும் வேகமாகத் துடிப்பதால் பதிவில் குப்பை சேரும்.

இனி பதிவு. பாக்ஸ் மோடைத் தேர்ந்தெடுங்கள். செட் பட்டனை மூன்று விநாடி போல அமுக்கிப் பிடித்தால் சின்ன சிவப்பு லைட் அணையாமல் எரியும். புது ரிமோட்டில் வால்யூம் கூட பட்டனை ஒருமுறை அமுக்கி விடுங்கள்; லைட் மெதுவாக மினுங்கி, தயார் என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் ஆம்ப் ரிமோட்டின் வால்யூம் கூட பட்டனை அமுக்க வேண்டும். ஒரு விநாடி அமுக்கினால் போதும். லைட் இரண்டு மூன்று முறை படபடவென்று மின்னினால் பதிந்தது. செட்டை அமுக்கி வெளியே வாருங்கள். மாடலுக்கு மாடல் இந்த மினுங்கல் கொஞ்சம் மாறும், அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

லைட் தயார் என்று சொல்வதற்கு முன்பே பழைய ரிமோட்டை அமுக்கிக்கொண்டு காத்திருப்பது பலர் செய்யும் தப்பு. அசெம்பிள் ஆம்புகளில் பரவலாக இருக்கும் என்ஈசி முறையில், அமுக்கியதும் முழுச் செய்தி ஒரே ஒருமுறைதான் போகும். விரலை எடுக்காமல் வைத்திருந்தால், அதன் பிறகு ஏறக்குறைய 110 மில்லி விநாடிக்கு ஒருமுறை 'முன்னே சொன்னதேதான்' என்கிற ஒரு குட்டிக் குறி மட்டும் போய்க்கொண்டிருக்கும். சீக்கிரம் அமுக்கியவரின் ரிமோட் அந்தக் குட்டிக் குறியை மட்டும் பிடித்து வைத்திருக்கும். லைட் மின்னும், பதிந்த மாதிரியே தோன்றும், ஆம்ப் மட்டும் அசையாது. அப்படி ஆனால் அந்த பட்டனை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள்.

சோதிக்கும்போது ஒருமுறை தட்டிப் பாருங்கள், பிறகு அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். தட்டினால் ஒரு புள்ளி, பிடித்தால் தொடர்ந்து ஏற வேண்டும். தட்டினாலே ஐந்தாறு புள்ளி தாவினால், பதியும்போது ரொம்ப நேரம் பிடித்துவிட்டீர்கள்.

## 6. மீதி பட்டன்கள்

ஒரு பழைய ரிமோட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாற்றி மாற்றி வைத்தால் இடைவெளியும் மட்டமும் கலைந்துகொண்டே இருக்கும். முதலில் ஆம்ப், அடுத்து டிவி, கடைசியில் பாக்ஸ். அதிக பட்டன் பாக்ஸில் இருப்பதால், அதற்குள் கை பழகிவிடும். பதிந்த ஒவ்வொன்றையும் தாளில் டிக் அடியுங்கள்.

டிவிக்கு எண் அடித்துக் கோடு போடும் வசதியும் உங்கள் ரிமோட்டில் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் கற்பிக்க வேண்டும். சில மாடல்களில் கோடு மாற்றியதும் அந்த மோடில் கற்றதெல்லாம் அழிந்துவிடும்.

## 7. 11 அடித்தால் 1 மட்டும் வருகிறதா?

எல்லாம் சரியாகப் பதிந்த பிறகும் சில பாக்ஸ்களில் 12 வரும், 11 வராது. 22, 33 எல்லாம் அப்படியே. இது பதிவின் தப்பு இல்லை.

பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி5, ஆர்சி6 முறைகளில், ஒரு பட்டனைப் புதிதாக அமுக்கும் ஒவ்வொரு முறையும் செய்தியில் ஒரு பிட் மாறும். ஒருமுறை 0 என்றால் அடுத்த முறை 1. விரல் எடுத்து மறுபடி அமுக்கியதா, விடாமல் பிடித்திருக்கிறாரா என்று பாக்ஸ் இதை வைத்துத்தான் பிரித்தறியும். கற்ற ரிமோட் ஒரே பிரதியைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் அந்த பிட் மாறாது. இரண்டாவது 1-ஐ, முதல் 1-ஐ விடவே இல்லை என்று பாக்ஸ் எடுத்துக்கொள்கிறது.

இரண்டு அமுக்கலுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள்; சில பாக்ஸ்கள் ஏற்கும். ஏற்காவிட்டால் இந்தப் பாக்ஸுக்கு லேர்னிங் ரிமோட் ஒத்துவராது. ஆட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்: பாக்ஸின் சொந்த ரிமோட்டையே முதன்மையாக வைத்து, 1-ம் பகுதியில் சொன்ன கற்கும் பட்டன்களில் டிவி பவரையும் ஆம்ப் வால்யூமையும் பதியுங்கள். உங்கள் ரிமோட்டில் அந்த பட்டன்கள் இல்லையென்றால், அதே பாக்ஸுக்கு அவை உள்ள டூப்ளிகேட் ரிமோட் கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

## 8. ஒரே அமுக்கில் மூன்றும் ஆன்?

கொஞ்சம் விலை கூடிய ரிமோட்டில் மேக்ரோ இருக்கும். ஒரு பட்டனில் மூன்று பவரையும் கோத்து வைக்கலாம். எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

காரணம், பவர் பட்டனுக்கு ஆன் என்றோ ஆஃப் என்றோ தனிச் செய்தி கிடையாது. இருக்கும் நிலையைத் தலைகீழாக்கு என்பதுதான் அது. கரண்ட் போய் வந்தால் பல பாக்ஸ்கள் தானே ஆன் ஆகிவிடும், டிவியும் ஆம்பும் ஸ்டாண்ட்பையில் கிடக்கும். அப்போது மேக்ரோவை அமுக்கினால் அவை இரண்டும் எழும், பாக்ஸ் தூங்கிவிடும். "அண்ணா, பவரை அமுக்குனா டிவி வருது, பாக்ஸு அணைஞ்சுடுது, ரிமோட்டு போயிடுச்சு போல" என்று வருபவர்களின் ரிமோட் நன்றாகத்தான் இருக்கும்.

வேண்டும்தான் என்றால் பாக்ஸை மேக்ரோவில் சேர்க்காதீர்கள்; டிவியும் ஆம்பும் மட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு விநாடி இடைவெளி வையுங்கள். சிவப்பு, பச்சை பட்டன்களில் தனிப் பவரை அப்படியே விட்டு வையுங்கள், நிலை மாறிப்போனால் சரிசெய்ய அவை வேண்டும். இரண்டு செய்தியும் போய் முடியும் வரை ரிமோட்டை நீட்டியபடி பிடிக்க வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். முதல் டிவி வெளிச்சம் வந்ததுமே கையைக் கீழே போட்டுவிடுவார்கள், ஆம்ப் நின்றுவிடும்.

## 9. பதிந்தது சரி, தூரத்திலிருந்து எட்டவில்லை

மேசையில் வேலை செய்கிறது, கட்டிலில் படுத்தால் வேலை செய்யவில்லை என்றால், பதிவைத் தொடாதீர்கள். பாக்ஸை டபுள் டேப் போட்டு டிவிக்குப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். பழைய ரிமோட்டின் பலமான ஒளி சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ எட்டியிருக்கும், புது ரிமோட்டுக்கு அந்தப் பலம் இல்லை. பாக்ஸை விளிம்புக்குக் கொண்டு வாருங்கள். சில பாக்ஸ்களில் வயர் வைத்த தனிக் கண் மாட்ட ஓட்டை இருக்கும், அந்தக் கண்ணை டிவியின் அடியில் ஒட்டலாம்.

ஆம்ப் மேல் தூசிக்குப் போட்ட துணி முன்பக்கம் தொங்குகிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிக் கதவு ஒளியை விடும், மரக் கதவு விடாது.

## 10. பழைய ரிமோட்டுகள்

பேட்டரியைக் கழற்றிவிட்டு, உங்கள் பட்டன் தாளோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். பேட்டரியோடு வைத்தால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். டிவியில் சேனல் ட்யூனிங், பாக்ஸில் அப்டேட், ஆம்பில் ரீசெட் மாதிரி நீங்கள் பதியாத வேலைகளுக்கு அவைதான் வேண்டும். கேபிள்காரர் பாக்ஸை மாற்றிக் கொடுத்தால் பாக்ஸின் பட்டன்களை மட்டும் புதிதாகப் பதிந்தால் போதும். ஆம்பும் டிவியும் இருந்தபடியே இருக்கும். பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் ரிமோட்டையும் சேர்த்துக் கேட்பார்கள், அதனால் அந்தக் கவர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.